பிசிஏஏ டப்பா வாங்கும் முன்

ஜிம்மில் நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு பானத்தை இடையிடையே குடித்துக்கொண்டு எடை தூக்குபவர்களை இப்போது சிறிய ஊர்களிலும் பார்க்க முடிகிறது. தர்பூசணி, பச்சை ஆப்பிள் என்று சுவையின் பெயர் எழுதிய டப்பாவிலிருந்து ஒரு ஸ்கூப் பொடியை எடுத்து, ஷேக்கரில் தண்ணீரோடு குலுக்கியதுதான் அந்தப் பானம். அதன் பெயர் பிசிஏஏ. தசை கரையாது, சீக்கிரம் ஏறும், மறுநாள் உடம்பு வலிக்காது என்று சொல்லித்தான் அது விற்கப்படுகிறது. வாங்குபவர்களில் நிறையப் பேர் முட்டை, கோழி, பால் என்று ஏற்கெனவே கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள். சிலர் வே புரோட்டீனும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி, நாள் முழுக்கத் தேவையான புரதத்தைச் சாப்பிட்டுவிட்ட ஒருவருக்கு இந்தப் பொடி மேற்கொண்டு எதையாவது தருகிறதா?

நாம் சாப்பிடும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைகிறது. உடலின் புரதங்கள் எல்லாம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் 9 வகைகளை உடலால் உருவாக்க முடியாது. உணவிலிருந்துதான் வர வேண்டும். அந்த 9-இல் மூன்றுக்கு மட்டும் கரிமச் சங்கிலியில் ஒரு கிளை உண்டு: லூசின், ஐசோலூசின், வேலின். இந்த மூன்றையும் பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று, ஒன்று என்ற விகிதத்தில் கலந்து விற்பதுதான் பிசிஏஏ பொடி. ஒரு ஸ்கூப்பில் 5 கிராம் இருந்தால் அதில் இரண்டரை கிராம் லூசின், மற்ற இரண்டும் ஒன்றேகால் கிராம் வீதம்.

இந்த மூன்றைத் தனியே பிரித்து எடுத்ததற்கு உண்மையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. உணவிலிருந்து வரும் பெரும்பாலான அமினோ அமிலங்களைக் கல்லீரல்தான் முதலில் கையாளுகிறது. இவற்றை உடைக்கும் முதல் நொதி கல்லீரலில் மிகக் குறைவு, தசையில் அதிகம். அதனால் இவை கல்லீரலைக் கடந்து பெருமளவு தசைக்கே போய்ச் சேர்கின்றன. அங்கே லூசினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தசை செல்லுக்குள் செஸ்ட்ரின்2 என்ற புரதம் லூசின் வந்திருப்பதை உணர்ந்துகொள்கிறது. உடனே எம்டோர் எனப்படும் கட்டுப்பாட்டு அமைப்பு விழித்து, புதுப் புரதம் கட்டும் வேலையைத் தொடங்கச் சொல்கிறது. லூசின் தசை வளர்ச்சிக்கான சமிக்ஞை என்று டப்பாவில் எழுதியிருந்தால் அதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் சமிக்ஞை கிடைத்தவுடன் தசை வளர்ந்துவிடாது. தசையில் இருக்கும் மயோசின், ஆக்டின் போன்ற புரதங்கள் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட வரிசையில் கோக்கப்பட்ட சங்கிலிகள். அந்த வரிசையில் லைசின் வர வேண்டிய இடத்தில் லைசின்தான் வர வேண்டும். அது கிடைக்காவிட்டால் அங்கே லூசினை வைத்துச் சமாளிக்க முடியாது. பொடியில் இருப்பவை மூன்று. உடலால் செய்ய முடியாத மீதி ஆறும் எங்கிருந்து வரும்? சாப்பிட்டிருந்தால் சாப்பாட்டிலிருந்து வரும். வெறும் வயிறாக இருந்தால் அவை வருவதற்கு இருக்கும் பெரிய வழி ஒன்றே ஒன்றுதான்: உடல் தன் தசையையே உடைத்து எடுப்பது. காப்பாற்ற நினைத்த தசையை உடைத்து எடுத்த துண்டுகளை வைத்து அதே தசையைக் கட்டினால் அளவு கூடுவதற்கு வழியில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1990-இல் இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்தவர்களுக்கு இந்த மூன்று அமிலங்களையும் நரம்பு வழியாக 3 மணி நேரம் செலுத்தினார்கள். சில ஆண்டுகள் கழித்து அதையே 16 மணி நேரம் செய்தார்கள். தசை உடைவது குறைந்தது உண்மை. அதோடு சேர்ந்து தசை கட்டப்படும் வேகமும் குறைந்தது. மொத்தக் கணக்கில் தசை இழப்புதான் தொடர்ந்தது. அமினோ அமில ஆய்வில் பல பத்தாண்டுகள் செலவிட்ட ராபர்ட் வுல்ஃப் 2017-இல் இந்தச் சோதனைகளை மறுபடி எடுத்துப் பார்த்து, பிசிஏஏ தனியாகத் தசை வளர்க்கிறது என்ற கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்.

அதே 2017-இல் பொடிக்குச் சாதகமாகத் தோன்றும் ஒரு முடிவும் வந்தது. விற்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது இதைத்தான். பிரிட்டனில் சாரா ஜாக்மன் குழுவினர் எடைப் பயிற்சியில் பழகிய 10 இளைஞர்களைக் காலுக்கான பயிற்சி செய்ய வைத்து, முடிந்ததும் 5.6 கிராம் பிசிஏஏ கொடுத்தார்கள். இன்னொரு நாள் அதே ஆட்களுக்கு அமினோ அமிலம் இல்லாத பானம் கொடுத்தார்கள். பிசிஏஏ குடித்த நாளில் அடுத்த சில மணி நேரத்துக்குத் தசைப் புரதம் கட்டப்படும் வேகம் 22 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதை மட்டும் படித்தால் டப்பா வாங்கத் தோன்றும். ஆனால் 5.6 கிராம் பிசிஏஏ என்பது ஏறத்தாழ 20 கிராம் வே புரதத்தில் இயல்பாகவே இருக்கும் அளவு. அந்த 20 கிராம் வே புரதத்தை முழுதாகக் கொடுத்த முந்தைய ஆய்வில் வேகம் கூடியது ஏறக்குறைய இரு மடங்கு. மீதி அமிலங்கள் இல்லாததால்தான் பிசிஏஏ பாதி வழியில் நின்றுவிட்டது என்று ஆய்வாளர்களே கருதினார்கள். மேலும் இது ஒன்றுமில்லாத பானத்தோடு செய்த ஒப்பீடு. பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போய் முட்டையோ மீன் குழம்போ சாப்பிடப் போகிறவருக்கு இந்த ஒப்பீட்டால் பயனில்லை. அவர் கேட்க வேண்டியது, சாப்பாட்டுக்கு மேல் இது என்ன சேர்க்கிறது என்பதுதான்.

அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள, வாரத்தில் நான்கு நாள் எடை தூக்கும் இளைஞர் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சாதாரண மனிதர்களுக்குப் பரிந்துரைப்பது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். தசை வளர்க்க நினைப்பவர்களுக்கு அதைவிட அதிகம் தேவை. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சராசரியாகக் கிலோவுக்கு 1.6 கிராமைத் தாண்டியபின் கூடுதல் புரதத்தால் கூடுதல் தசை வளர்ச்சி கிடைக்கவில்லை. நம் இளைஞருக்கு அது 112 கிராம்.

அவர் காலையில் 4 முட்டை சாப்பிடுகிறார். அது 24 கிராம் புரதம். மதியம் தோல், எலும்பு நீக்கிய கோழிக்கறி 150 கிராம். அதில் 33 கிராம் வரும். பாலும் தயிருமாக ஒரு நாளில் 22 கிராம். மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டலில் 10 கிராம். இட்லி, சோறு, சாம்பார், சப்பாத்தி எல்லாம் சேர்ந்து 33 கிராம் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 122 கிராம். சராசரி உணவுப் புரதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இந்த மூன்று அமிலங்கள்தான் இருக்கும். ஆக அவருடைய சாப்பாட்டிலேயே ஏறத்தாழ 22 கிராம் பிசிஏஏ வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வகுத்த அடிப்படைத் தேவைப்படி, 70 கிலோ உடலுக்கு இந்த மூன்றும் சேர்ந்து ஒரு நாளைக்கு 6 கிராம் போதும். எடை தூக்குபவருக்குக் கூடுதலாக வேண்டும் என்று வைத்தாலும் 22 கிராம் தாராளம். அதன்மேல் இவர் வாங்கும் 5 கிராமுக்குத் தசையில் செய்ய வேலை இல்லை. தசை அதை எரிபொருளாக எரிக்கும். அதிலிருந்த நைட்ரஜன் யூரியாவாக மாறிச் சிறுநீரில் போகும்.

வே புரோட்டீன் குடிப்பவருக்குக் கணக்கு இன்னும் எளிது. 24 கிராம் புரதம் தரும் ஒரு ஸ்கூப் வேயில் சுமார் 5.5 கிராம் பிசிஏஏ ஏற்கெனவே இருக்கிறது. பல டப்பாக்களில் அது தனியாகவே அச்சிடப்பட்டிருக்கும். அதையும் குடித்து இதையும் குடிப்பவர் ஒரே சரக்கை இரண்டு முறை விலை கொடுத்து வாங்குகிறார்.

புரதம் போதாமல் சாப்பிடுபவருக்காவது இது உதவாதா என்று கேட்கத் தோன்றும். என்னைப் பொறுத்தவரை இந்த இடத்தில்தான் பிசிஏஏ விற்பனை அதிகம் தவறு செய்கிறது. 55 கிலோ எடையுள்ள, சைவம் சாப்பிடும், இப்போதுதான் ஜிம்மில் சேர்ந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். காலையில் இட்லி, சட்னி. மதியம் சோறு, சாம்பார், பொரியல், மோர். இரவு தோசை. இடையில் இரண்டு டீ. கூட்டினால் 38 கிராம் புரதம் தேறும். கிலோவுக்கு 0.83 வீதம் அவருக்கு வேண்டியதோ 46 கிராம். நிச்சயமாகக் குறைவுதான். ஆனால் அந்த 38 கிராமுக்குள் பிசிஏஏ எவ்வளவு? ஏறத்தாழ ஏழு கிராம். அவருடைய அடிப்படைத் தேவை ஐந்து கிராமுக்கும் கீழே. புரதம் பற்றாத அவருக்கே பிசிஏஏ பற்றாமல் இல்லை.

அரிசியில் லூசின் குறைவில்லை. குறைவாக இருப்பது லைசின். தானியத்தைப் பெரிதும் நம்பிச் சாப்பிடும் எந்த உணவிலும் முதலில் தட்டுப்படுவது இந்த லைசின்தான். பருப்பும் பாலும் சேரும்போதுதான் அது ஈடாகிறது. அந்தப் பெண்ணின் சாப்பாட்டிலும் லைசின் தேவையைத் தொட்டும் தொடாமலும்தான் இருக்கிறது. பிசிஏஏ டப்பாவிலோ லைசின் ஒரு துளிகூட இல்லை. இருப்பதையே மேலும் கொடுத்து, இல்லாததை விட்டுவிடும் பொடி இது. அவர் செய்ய வேண்டியது வேறு. ஒரு தம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர், கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல் சேர்த்தால் 22 கிராம் கூடும். அதோடு 50 கிராம் மீல் மேக்கரைக் குழம்பிலோ பொரியலிலோ போட்டால் இன்னும் 26 கிராம். மொத்தம் 86 கிராம். அவருடைய எடைக்கு 1.6 என்ற அந்த உயர்ந்த அளவையே கிட்டத்தட்ட எட்டிவிடுகிறார். பால், மீல் மேக்கர், கடலை மூன்றிலும் லைசினும் நன்றாக இருக்கிறது.

லூசினைப் பற்றிய ஒரு பழைய இந்திய ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன், தக்காணத்தில் சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழைகளிடம் பெலாக்ரா என்ற தோல் நோய் ஏன் வருகிறது என்று 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்தார். சோளத்தில் லூசின் மிக அதிகம். அந்த மிகை, உடல் நியாசின் வைட்டமினை உருவாக்கிப் பயன்படுத்துவதைக் கெடுக்கிறதோ என்று அவர் கருதினார். அந்தக் கருத்தைப் பின்னர் எல்லாரும் ஏற்கவில்லை. இன்று அதை முடிவான உண்மையாகச் சொல்ல முடியாது. ஸ்கூப் பொடி குடிப்பவருக்கு பெலாக்ரா வரும் என்பதும் இல்லை. ஆனால் அமினோ அமிலங்கள் தனித்தனியாக வேலை செய்வதில்லை, ஒன்றின் மிகை மற்றதன் நிலையை மாற்றக்கூடும் என்ற அவருடைய கேள்வி இன்றைக்கும் பொருத்தமானது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் அதைப் பார்க்கலாம். வெறும் 6 கிராம் சொச்சம் வே புரதத்தோடு 5 கிராம் லூசினைச் சேர்த்துக் கொடுத்தபோது, அது 25 கிராம் வேக்கு நிகராகத் தசைப் புரதம் கட்டும் வேகத்தைக் கூட்டியது. அதே பானத்தில் ஐசோலூசினையும் வேலினையும் சேர்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மூன்றும் செல்லுக்குள் நுழைவது ஒரே வாசல் வழியாக. மற்ற இரண்டும் போட்டிக்கு வந்ததால் லூசின் பின்தங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள். புரதம் குறைந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் லூசின் கொஞ்சம் உதவலாம். அப்போதும் உதவுவது பிசிஏஏ கலவை அல்ல என்றே இதிலிருந்து தெரிகிறது.

வயதானவர்களின் தசை லூசினுக்கு மந்தமாகவே பதில் தருகிறது என்பதால், அவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. சில மணி நேரமே அளந்த ஆய்வுகளில் லூசின் அவர்களுக்கு உதவுவதுபோல் தெரிந்தது. ஆனால் நெதர்லாந்தில் சராசரியாக 71 வயதான, ஆரோக்கியமான 30 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு மூன்று வேளைச் சாப்பாட்டோடும் இரண்டரை கிராம் லூசினை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் தசையின் அளவிலும் வலுவிலும் வித்தியாசமில்லை. அவர்கள் ஏற்கெனவே போதுமான புரதம் சாப்பிட்டவர்கள். சில மணி நேரத்தில் தெரியும் வேகத்தையும் மாதக்கணக்கில் தெரியும் தசையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் வலி குறைவது பற்றிச் சொல்லப்படுவதில் ஓரளவு உண்மை உண்டு. கடுமையான பயிற்சிக்குப் பின் வரும் வலி பிசிஏஏயால் சற்றுக் குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை வெறும் பானத்தோடு ஒப்பிட்டவை, முழுப் புரதத்தோடு அல்ல. குறையும் அளவும் சிறியது. களைப்பைத் தள்ளிப்போடும் என்ற கருத்து 1980-களில் எரிக் நியூஸ்ஹோமின் ஆய்விலிருந்து வந்தது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் மூளைக்குள் போய் செரட்டோனினாக மாறிச் சோர்வைத் தருகிறது, பிசிஏஏ அதோடு போட்டியிட்டுத் தடுக்கும் என்பது அவருடைய விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சைக்கிள் ஓட்டுபவர்களைச் சோர்ந்து நிற்கும் வரை ஓட்டவைத்து 1995-இல் சோதித்தபோது, பிசிஏஏ குடித்தவர்கள் கூடுதல் நேரம் ஓட்டவில்லை.

வெறும் வயிற்றில் பயிற்சி செய்பவர்களும் விரதம் இருப்பவர்களும், இதில் கலோரி இல்லை என்று நம்பி வாங்குகிறார்கள். அமினோ அமிலத்தில் மற்ற புரதத்தைப் போலவே கிராமுக்கு 4 கலோரி அளவுக்கு இருக்கிறது. தண்ணீரோடு குடித்தாலும் அது உணவுதான். லேபிளைப் படிக்கும்போது ஸ்கூப்பின் எடையையும் பிசிஏஏயின் எடையையும் தனித்தனியாகப் பாருங்கள். 10 கிராம் ஸ்கூப்பில் 5 கிராம் மட்டும் பிசிஏஏ இருந்தால், மீதி சிட்ரிக் அமிலம், நிறம், சுவையூட்டி, செயற்கை இனிப்பு, சிலவற்றில் காஃபீன். குடித்தவுடன் புத்துணர்ச்சி வந்ததாகத் தோன்றினால் அந்தக் காஃபீனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எதெது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாமல் கலவையின் மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால் அதை வாங்க வேண்டாம்.

பிசிஏஏ உண்மையில் மருந்தாகப் பயன்படும் இடம் ஒன்று உண்டு: கல்லீரல் சுருங்கும் சிரோசிஸ் நோய். அந்நோயாளிகளின் ரத்தத்தில் இந்த மூன்று அமிலங்களும் குறைந்துவிடுகின்றன. கல்லீரல் பாதிப்பால் மூளை குழம்பும் நிலையில் மருத்துவர்கள் இவற்றை அளவோடு கொடுப்பதுண்டு. ஜப்பானில் இது பல காலமாகவே நடைமுறையில் இருக்கிறது. அது மருத்துவர் முடிவெடுக்க வேண்டிய சிகிச்சை. எதிர்ப்பக்கத்தில், மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களால் இந்த மூன்றையும் உடைக்கவே முடியாது. அவர்களுக்கு இது நஞ்சு. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர்களுக்கும் இது ஆகாது. அந்த மருந்து குடலிலிருந்து ரத்தத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் போகும் அதே வழியில் இந்த அமிலங்களும் போட்டியிடும்.

டப்பா வாங்க நினைப்பவர்கள் அதற்கு முன் மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக, சாப்பிட்டதை எல்லாம் அளவோடு எழுதிப் பாருங்கள். ஒரு முட்டைக்கு 6 கிராம், ஒரு தம்ளர் பாலுக்கு 6 கிராம், சமைக்காத பருப்போ கடலையோ 50 கிராமுக்கு 10 முதல் 12 கிராம், ஒரு இட்லிக்கு 2 கிராம் என்று போட்டாலே கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். மூன்று நாள் சராசரியை உங்கள் எடையால் வகுத்தால், கிலோவுக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். எடைப் பயிற்சி செய்பவருக்கு 1.6-ஐ ஒட்டி வந்தால் பிசிஏஏயால் தசைக்கு எதுவும் கூடப்போவதில்லை. அதற்குக் கீழே வந்தால் டப்பாவின் விலையை ஸ்கூப் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு ஸ்கூப்புக்கு ஆகும் பணத்தில் எத்தனை முட்டை, எத்தனை கிராம் கடலை வரும் என்று கடையில் கேட்டு, அதை வாங்குங்கள்.